அட்டவணையும் இரண்டு கோடுகளும்: மின்கலக் குறியீடு பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கலத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு பக்கம் துத்தநாகம், மறுபக்கம் இரும்பின் இரண்டு அயனிகள். அதையே நடுவில் வைத்துப் பதில் சொல்கிறேன். தேவைப்படும் திட்ட மின்முனை அழுத்தங்கள் இவை. எல்லாம் 25 டிகிரி செல்சியஸில், வோல்ட்டில்:

```
Ag⁺  + e⁻   → Ag      +0.80
Fe³⁺ + e⁻   → Fe²⁺    +0.77
2H⁺  + 2e⁻  → H₂       0.00
Fe²⁺ + 2e⁻  → Fe      −0.44
Zn²⁺ + 2e⁻  → Zn      −0.76
```

ஒரு குவளையில் துத்தநாக சல்பேட் கரைசலும் துத்தநாகத் தகடும். இன்னொன்றில் Fe³⁺, Fe²⁺ இரண்டும் கலந்த கரைசல். இரண்டாவதில் இரும்புக் கம்பியை வைக்க வேண்டும் என்கிறாள் தோழி. நான் பிளாட்டினம் என்கிறேன். குறியீட்டை எப்படி எழுதுவது?

பிளாட்டினம்தான். அரைவினையை ஒருமுறை படித்துப் பாருங்கள்: Fe³⁺ ஒரு எலக்ட்ரானை வாங்கி Fe²⁺ ஆகிறது. இரண்டுமே கரைசலில் மிதக்கும் அயனிகள். உலோக இரும்பு இந்த வினையில் எங்கும் இல்லை. எலக்ட்ரானைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு கடத்தி மட்டும் வேண்டும், அது வினையில் கலந்துகொள்ளக் கூடாது. அதனால் பிளாட்டினம் அல்லது கிராஃபைட்.

தோழி சொன்னபடி இரும்புக் கம்பியை இறக்கினால் என்ன ஆகும்? Fe³⁺ அந்தக் கம்பியையே அரிக்கத் தொடங்கும்: 2Fe³⁺ + Fe → 3Fe²⁺. அட்டவணைப்படி இதன் மதிப்பு 0.77 − (−0.44) = 1.21 வோல்ட். அதாவது வெளிக்கம்பி வழியாக எலக்ட்ரான் வரும்வரை Fe³⁺ காத்திருக்காது, குவளைக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். நீங்கள் அளக்க நினைத்த கலம் உங்களிடம் இருக்காது.

குறியீடு இப்படி வரும்:

```
Zn(s) | Zn²⁺(aq, 1 M) || Fe³⁺(aq, 1 M), Fe²⁺(aq, 1 M) | Pt(s)
```

ஒற்றைக் கோடு என்றால் அங்கே நிலைமை மாறுகிறது என்று பொருள்: திண்மம் முடிந்து கரைசல் தொடங்குகிறது. இரட்டைக் கோடு உப்புப் பாலம். Fe³⁺, Fe²⁺ இரண்டும் ஒரே கரைசலில் இருப்பதால் நடுவில் கோடு வராது, காற்புள்ளி போதும். இந்தக் காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு போடுவதைத்தான் விடைத்தாள்களில் அதிகம் பார்க்கிறேன். இடப்பக்கம் ஆக்சிஜனேற்றம், வலப்பக்கம் ஒடுக்கம். இரு ஓரங்களிலும் கம்பி இணைக்கக்கூடிய ஏதாவது ஒரு கடத்தி இருந்தே ஆக வேண்டும். ஓரத்தில் அயனி நின்றால் எதையோ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. சமன்செய்த வினையில் 2Fe³⁺ என்று வருகிறதே என்று குறியீட்டிலும் 2 போடாதீர்கள். குறியீடு கலத்தில் என்னென்ன பொருள் எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. எத்தனை மோல் வினைபுரிகிறது என்பது அதன் வேலை அல்ல.

அதே கலத்துக்கு எனக்கு 0.01 வோல்ட் வந்தது. விடை 1.53 என்று போட்டிருக்கிறது. கணக்கை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.

கூட்டல் கழித்தலில் பிழை இருக்காது. குறியை இரண்டு முறை திருப்பியிருக்கிறீர்கள். துத்தநாகம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்பதால் −0.76 ஐ +0.76 ஆக்கினீர்கள். பிறகு 'கேத்தோடு கழித்தல் ஆனோடு' என்ற சூத்திரத்திலும் போட்டீர்கள். 0.77 − 0.76 = 0.01.

வழிகள் இரண்டு உண்டு, இரண்டும் சரியே. குறியைத் திருப்பினால் கூட்ட வேண்டும்: 0.77 + 0.76. திருப்பாவிட்டால் கழிக்க வேண்டும்: 0.77 − (−0.76). இரண்டிலும் 1.53. கலந்தால்தான் சிக்கல். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அட்டவணையில் உள்ள எல்லாமே ஒடுக்க மதிப்புகள். அவற்றை அச்சில் இருப்பதுபோலவே எடுத்து, வலது கழித்தல் இடது என்று போட்டால் யோசிக்கவே ஒன்றும் மிஞ்சாது.

விடையைச் சோதிக்க ஒரு எளிய வழி: இரு மதிப்புகளையும் ஒரு எண்கோட்டில் குறியுங்கள். ஒன்று பூஜ்ஜியத்துக்கு மேலே 0.77, இன்னொன்று கீழே 0.76. இவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் கலத்தின் அழுத்தம். அந்தத் தூரம் 0.01 ஆக இருக்க முடியாது என்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டு எலக்ட்ரான் சமன்செய்ய Fe³⁺ அரைவினையை 2 ஆல் பெருக்குகிறோம். அப்படியானால் 0.77 ஐயும் பெருக்கி 1.54 + 0.76 = 2.30 என்று எடுக்க வேண்டாமா?

வேண்டாம். 'பெருக்கக் கூடாது' என்று மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்த கேள்விக்கும் உதவும்.

அழுத்தம் என்பது ஒவ்வொரு கூலும் மின்னூட்டத்துக்கும் கிடைக்கும் ஆற்றல். வினையை இரட்டித்தால் கிடைக்கும் ஆற்றலும் இரட்டிக்கிறது, கடந்துபோகும் மின்னூட்டமும் இரட்டிக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பழைய எண்ணே வரும். பெரிய குவளையில் அதே கலத்தை அமைத்தாலும் வோல்ட்மீட்டர் அதே மதிப்பைக் காட்டுவது இதனால்தான். கலம் அதிக நேரம் உழைக்கும், அவ்வளவுதான்.

சூத்திரத்தில் பார்த்தால் ΔG° = −nFE°. பெருக்கத்துக்கு உள்ளாவது இடப்பக்கம் உள்ள ΔG°. அதற்கேற்ப வலப்பக்கம் n மாறுகிறது, E° மாறுவதில்லை. நம் கலத்தில் n = 2, F என்பது 96,485 கூலும். எனவே ΔG° = −2 × 96,485 × 1.53, ஏறத்தாழ −295 கிலோஜூல். இரண்டு எலக்ட்ரான்களின் கணக்கு வர வேண்டிய இடம் இதுதான்.

அப்படியானால் Fe³⁺ + 3e⁻ → Fe என்பதற்கு 0.77 உடன் −0.44 ஐக் கூட்டினால் 0.33 வர வேண்டும். ஆனால் அட்டவணையில் −0.04 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, ஏனென்றால் 'கூட்டு, கழி' என்ற வழி எங்கே நின்றுபோகிறது என்பதை இது காட்டுகிறது.

Fe³⁺ இலிருந்து Fe²⁺ வரை ஒரு எலக்ட்ரான். அங்கிருந்து Fe வரை இரண்டு எலக்ட்ரான். இரண்டு படிகளையும் சேர்த்தால் கிடைப்பதும் ஒரு அரைவினையே. எலக்ட்ரான்கள் அடிபட்டுப் போகவில்லை, மூன்றும் அப்படியே நிற்கின்றன. இங்கே நியாயமாகக் கூட்டக்கூடியது ஆற்றலை மட்டுமே.

முதல் படிக்கு ΔG° = −1 × F × 0.77 = −0.77F. இரண்டாவது படிக்கு −2 × F × (−0.44) = +0.88F. கூட்டினால் +0.11F. இது மூன்று எலக்ட்ரானுக்கு உரியது, எனவே E° = −0.11 ÷ 3, அதாவது −0.037 வோல்ட். அட்டவணை அதைத்தான் −0.04 என்று முழுதாக்கியிருக்கிறது.

முழுக் கலத்தில் மட்டும் நேரடியாகக் கழிக்க முடிவது எதனால்? அங்கே இழக்கும் எலக்ட்ரானும் பெறும் எலக்ட்ரானும் ஒரே எண்ணிக்கை. எல்லா உறுப்பிலும் ஒரே n இருப்பதால் அது அடிபட்டுவிடுகிறது. விடையில் எலக்ட்ரான் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்: மிஞ்சவில்லை என்றால் அழுத்தங்களைக் கழிக்கலாம், மிஞ்சினால் ஆற்றல் வழியாகத்தான் போக வேண்டும்.

Ag(s) | Ag⁺ || Zn²⁺ | Zn(s) என்று கொடுத்து அழுத்தம் கேட்டிருந்தார்கள். −1.56 வந்தது. எதிர்க்குறியை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. குறியீட்டை எழுதித் தந்துவிட்டால் வலது கழித்தல் இடது: −0.76 − 0.80 = −1.56 வோல்ட். எழுதியபடி வினை தானாக நடக்காது, எதிர்த்திசையில்தான் நடக்கும் என்பதே அந்தக் குறியின் செய்தி. +1.56 வேண்டுமென்றால் குறியீட்டையும் புரட்டி எழுதுங்கள்.

ஆனோடு என்பதை 'நேர்மின்வாய்' என்று படித்தோம். ஆனால் துத்தநாகத் தகடு எதிர்முனை என்கிறார்களே?

அந்தச் சொல் மின்னாற்பகுப்புக்குப் பொருந்தும்; அங்கே ஆனோடு நேர்முனைதான். தானாக மின்சாரம் தரும் கலத்தில் துத்தநாகம் எலக்ட்ரானைத் தன்மேல் விட்டுவிட்டுக் கரைகிறது, எனவே அந்தத் தகடு எதிர்முனை. இரண்டிலும் மாறாதது, ஆனோடில் ஆக்சிஜனேற்றம் என்பதே. நான் இந்தப் பதில்களில் ஆனோடு, கேத்தோடு என்றே எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

Pt | Fe²⁺, Fe³⁺ || Ag⁺ | Ag கலத்துக்குக் கணக்கில் +0.03 வருகிறது. ஆய்வகத்தில் ஒரு குழுவுக்கு நேர்க்குறி, இன்னொரு குழுவுக்கு எதிர்க்குறி. யார் தவறு?

இருவருமே சரியாக அளந்திருக்கலாம். அட்டவணை மதிப்பு எல்லா அயனிகளும் 1 M செறிவில் இருக்கும்போதுதான் பொருந்தும். துத்தநாகக் கலத்தின் 1.53 வோல்ட்டில் செறிவு சற்று மாறினாலும் குறி மாறாது. இங்கே கையில் இருப்பதே 0.03 வோல்ட்தான்.

வினை Ag⁺ + Fe²⁺ → Ag + Fe³⁺. ஒரு குழு Fe²⁺ கரைசலை மட்டும் 0.1 M ஆகத் தயாரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். Q = 1 ÷ (0.1 × 1) = 10. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் n = 1 என்பதால் E = 0.03 − 0.059 × log 10, ஏறத்தாழ −0.03 வோல்ட். வினையின் திசையே திரும்பிவிட்டது. Fe²⁺ காற்றுப்பட்டு மெல்ல Fe³⁺ ஆகும் இயல்புடையது. பழைய கரைசலைப் பயன்படுத்தினாலும் இதே பக்கம் இழுக்கும். அன்றைக்குத் தயாரித்த கரைசலைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

உப்புப் பாலத்தையும் கேட்டுப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு நிரப்பியிருந்தால் வெள்ளிக் குவளையில் பாலத்தின் முனையருகே வெண்மையாகக் கலங்கும். அது சில்வர் குளோரைடு வீழ்படிவு. Ag⁺ குறையக் குறைய அளவீடும் கீழே நகர்ந்துகொண்டே போகும், ஓரிடத்தில் நிற்காது. வெள்ளி உள்ள கலத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் பாலம்தான் பொருந்தும்.