மதுரையில் நடைவழிகாட்டி: எங்கே உரிமம் வேண்டும், கதையை எப்படிக் கட்டுவது?

கேள்வி: நான் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள். வரலாறு படித்திருக்கிறேன், ஆங்கிலம் ஓரளவு வரும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்லி வருமானம் பார்க்க ஆசை. இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் உரிமத்தைப் பார்த்துவிடுவோம், சகோதரி. அது இடத்துக்கு இடம் மாறும். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்துக்குள் காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்குச் சுற்றிக் காட்ட, 1959ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தத் துறையின் உரிமம் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை இப்படிப்பட்ட இடம். திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது; அங்கே அவர்களிடம் கேட்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் அறநிலையத் துறையின் கீழ் வருவது. அதன் உள்ளே வழிகாட்ட யாருக்கு அனுமதி என்பதைக் கோயில் அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று பழைய ஆட்கள் சொல்வதை நம்பி உள்ளே போகாதீர்கள். விருந்தினர் முன்னால் காவலர் உங்களைத் தடுத்தால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது.

1959 விதி பாதுகாக்கப்பட்ட வளாகத்தைப் பற்றியது. மாசி வீதிக்கு அது வராது. ஆனாலும் அடையாள அட்டை இல்லாமல் தொழிலில் இறங்க வேண்டாம். மத்தியச் சுற்றுலா அமைச்சகம் இணையவழியாகப் பாடம் நடத்தித் தேர்வு வைத்து வழிகாட்டிச் சான்றிதழ் தருகிறது. அதற்கு விண்ணப்பியுங்கள். கையோடு மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கும் போய், மாநில அரசின் பயிற்சி எப்போது நடக்கிறது, பதிவு செய்ய என்ன காகிதங்கள் வேண்டும் என்று கேளுங்கள். பயண ஏஜென்சிகளும் ஓட்டல்களும் முதலில் கேட்பது இந்த அட்டையைத்தான்.

சரி, எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? சங்க காலம் முதல் இன்றுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தால் இரண்டு மணி நேரத்தில் கேட்பவர்கள் களைத்துப்போவார்கள். ஒரு நடைக்கு ஒரு கேள்வி போதும். உங்களுக்கு நான் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்: இந்த ஊரில் எதை யார் இடித்தார்கள், ஏன்?

நடையை விளக்குத்தூணில் தொடங்குங்கள். ஜவுளிக்கடைக்குப் போகும் மதுரைக்காரர்கள் அதை ஓர் அடையாளமாகத்தான் சொல்வார்கள். எதற்காக வைத்தது என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு. 1840களை ஒட்டி மதுரைக் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பியது அது. கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டவர் அவர். சுவரும் அகழியும் இருந்த வளையத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அந்த வேலையை நடத்தியவர்களின் பெயரைத் தாங்கியவை. இங்கே விருந்தினர் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுங்கள். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போகும் வீதிகளை விரலால் தொட்டுக் காட்டி, கடைசிச் சதுரத்தில் விரலை நிறுத்தி, "இதுதான் மதில் நின்ற கோடு" என்று சொல்லுங்கள். தேதி எதுவும் நினைவில் நிற்காதவருக்கும் அந்தக் கோடு நிற்கும்.

அடுத்தது பத்துத்தூண் சந்து. துணிக்கடைகளுக்கு நடுவே, மேலே கூரை எதுவும் இல்லாமல், பிரம்மாண்டமான கல்தூண்கள் நிற்கின்றன. இங்கே உடனே பேசாதீர்கள். அவர்களே அண்ணாந்து பார்க்கட்டும். "இது எதைத் தாங்கியிருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். இவை திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம் என்பதைச் சொல்லி, ஏன் இப்படித் தனியாக நிற்கின்றன என்பதை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு நடையைத் தொடருங்கள். மகாலுக்குள் நுழைந்ததும் விடையைச் சொல்லலாம்: 1636இல் எழுந்த அரண்மனையின் பெரும்பகுதியை நாயக்கரின் பேரன் சொக்கநாதரே திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பிரித்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். பேரன் பிரித்தார், கலெக்டர் இடித்தார், ஆளுநர் பழுதுபார்த்தார். மூன்றையும் ஒரே நடையில் கேட்டவர், "நம்ம ஊர்ல என்ன இடிச்சாங்க?" என்று தானே யோசிக்கத் தொடங்குவார்.

மேலே "வழக்கமாகச் சொல்லப்படும்" என்று ஒரு சொல் போட்டேன், கவனித்தீர்களா? இந்தத் தொழிலில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பது இந்த ஒன்றில்தான். மகாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை என்பார்கள். இத்தாலியச் சிற்பி கட்டினார் என்பார்கள். இவற்றைச் சொல்லவே கூடாது என்பதில்லை, ஊர் நம்புவதும் ஊரின் செய்திதான். ஆனால் "ஆவணம் சொல்கிறது", "ஊரில் சொல்கிறார்கள்", "என் ஊகம்" என்று மூன்றையும் வாயாலேயே பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். வீட்டிலும் அப்படியே குறிப்பெடுங்கள்: ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு வரிக்கும் எங்கே படித்தது என்ற குறிப்பு. 1868இல் வந்த ஜே.எச். நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடு நல்ல தொடக்கம். வெள்ளைக்கார அதிகாரியின் பார்வை அது என்பதையும் மறக்காமல் படியுங்கள். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் என்றாவது உங்கள் குழுவில் வந்து நிற்பார். அன்றைக்கு இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

நடைமுறையில் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பத்துத்தூண் சந்தில் அதற்கு மேல் நின்றால் வழி அடைத்துக் கடைக்காரர்கள் சத்தம் போடுவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். கடை திறந்து சரக்கு இறங்கத் தொடங்குமுன் அந்த நிறுத்தத்தை முடித்துவிடுங்கள். ஆனால் மகாலுக்குப் பார்வை நேரம் உண்டு, அது திறக்கும் நேரத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு விளக்குத்தூணில் கிளம்புங்கள். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், அவர்கள் கண்ணில் வேண்டாம். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் போதும். கால் மாற்றி நிற்பதும் உங்கள் தோளுக்கு மேலே பார்ப்பதும் தெரிந்தால், வாக்கியத்தை முடித்துவிட்டு நடங்கள். நடைக்குப் பிறகு கோயிலுக்குப் போக நினைப்பவர்களுக்கு முந்தின நாளே செய்தி அனுப்புங்கள்: செல்போனை வெளியே வைக்க வேண்டும், அரைக்கால் சட்டை கூடாது, மதியம் நடை சாத்திவிடுவார்கள், இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது. வாசலில் வைத்துச் சொன்னால் சண்டைதான்.

அப்புறம், கமிஷன். கோயிலைச் சுற்றியுள்ள சில கைவினைக் கடைகளில் "மாடிக்கு வாங்க, கோபுரம் முழுசா தெரியும்" என்று கூப்பிடுவார்கள். காட்சி உண்மையிலேயே அருமை. ஆனால் இறங்கும் வழி கடைக்குள்ளேதான், அங்கே விற்பதில் ஒரு பங்கு கூட்டிவந்தவருக்கு. அதை வாங்காதீர்கள். ஒருமுறை வாங்கினால் நடையின் பாதை அந்தக் கடையை நோக்கி வளையத் தொடங்கும், கதையும் அதன் பின்னாலேயே போகும். அதற்குப் பதில் உங்கள் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே, மகால் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்பதோடு எழுதிக் கொடுங்கள். இரண்டு பேர் மட்டும் வந்தாலும் கட்டுப்படியாகும்படி குழுவுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.