450 கலோரியில் இரவுச் சாப்பாடு: சோற்றைக் கடைசியில் அளந்து வையுங்கள்

கேள்வி: கொழுப்பைக் குறைக்க ராத்திரி சாப்பாட்டை 450 கலோரிக்குள் முடிக்க நினைக்கிறேன். சிக்கன், காய், கொஞ்சம் சோறு என்று வைத்தால் எது எவ்வளவு? இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தினால் பத்து மணிக்கெல்லாம் பசிக்கிறது.

முதலில் சிக்கனை முடிவு செய்யுங்கள், அடுத்து எண்ணெய், அப்புறம் காய். மிச்சம் இருக்கும் கலோரிதான் சோற்றுக்கு. நாம் வழக்கமாகச் சோற்றைப் போட்டுக்கொண்டு மற்றதை ஓரத்தில் வைப்போம். அந்த வரிசையை மாற்றினாலே பாதிக் கணக்கு சரியாகிவிடும்.

நான் வாரத்தில் மூன்று நாள் சமைப்பதையே சொல்கிறேன். தோல் நீக்கிய நெஞ்சுக்கறி, பச்சையாக 150 கிராம். இது சுமார் 170 கலோரி, புரதம் 34 கிராம் வரை கிடைக்கும். கறிக்கு ஒரு டீஸ்பூன், பொரியலுக்கு ஒரு டீஸ்பூன் என எண்ணெய் 80 கலோரி. பீன்ஸோ முட்டைக்கோஸோ 200 கிராம், அதிகபட்சம் 60. மசாலாவுக்கு வெங்காயம், தக்காளி 25. இதுவரை 335 ஆயிற்று. வெந்த சோறு 80 கிராம் வைத்தால் 105 கலோரி, மொத்தம் 440. சோறு குறைவாகத்தான் தெரியும், ஆனால் கறியும் காயும் தட்டை நிறைத்துவிடும். சோறு வேண்டாமென்றால் அதே கணக்கில் 30 கிராம் மாவில் எண்ணெய் தடவாத ஒரு சப்பாத்தி.

உங்களுக்குப் பத்து மணிக்குப் பசி வருவதற்குக் காரணம் கலோரி குறைவு மட்டும் இல்லை. இரண்டு சப்பாத்தியில் புரதம் ஏழெட்டு கிராம்தான் இருக்கும், காயும் பேருக்குத்தான் இருந்திருக்கும். வயிறு தாங்குவதற்குப் புரதமும் வேண்டும், தட்டில் அளவும் வேண்டும். அப்படியும் பசித்தால் இன்னும் 100 கிராம் காய் சேருங்கள், 30 கலோரிக்கு மேல் போகாது. சோற்றைக் கூட்ட வேண்டாம்.

கணக்கு பெரும்பாலும் தவறுவது எண்ணெயில்தான். எங்கள் வீட்டில் நால்வருக்குக் குழம்பு வைக்கும்போது அம்மா பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவார். ஒருநாள் சமையலுக்கு முன்னும் பின்னும் பாட்டிலைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 70 கிராம் போயிருந்தது. ஒரு கிராமுக்கு 9 கலோரி என்றால் 630, ஆளுக்கு ஏறக்குறைய 160. ஒன்றரை சப்பாத்திக்குச் சமமான கலோரி, ஆனால் தட்டில் கண்ணுக்கே தெரியாது. எடை மூன்று நான்கு வாரமாக அசையவில்லை என்றால் சோற்றில் கை வைப்பதற்கு முன் இந்தப் பாட்டில் சோதனையைச் செய்துவிடுங்கள். தேங்காய்த் துருவலும் இதே கதைதான், பத்து கிராமுக்கே 35 கலோரி ஆகும்.

அடுத்த குழப்பம், பச்சை எடையா வெந்த எடையா என்பது. 150 கிராம் கறி வெந்தபின் 110 கிராம் அளவுக்குச் சுருங்கும். வெந்த கறியை 150 கிராம் எடுத்துவிட்டுப் பச்சைக் கணக்கை எழுதினால் 60 கலோரி விட்டுப்போகும். அரிசியில் இது இன்னும் பெரிது. 80 கிராம் சோற்றுக்கு 30 கிராம் அரிசி போதும். அரிசியையே 80 கிராம் போட்டுவிட்டால் 280 கலோரி. கறியைப் பச்சையாகவும் சோற்றை வெந்தபிறகும் எடை போடுவது என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த எண்ணெயில் நெஞ்சுக்கறி வறண்டுவிடும் என்பது உண்மைதான். நான் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் தயிர், மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டு அரைமணி ஊறவைக்கிறேன். கனமான வாணலியில் வெங்காயம் தக்காளியை வதக்கி, கறியைச் சேர்த்து மூடிவிட்டால் அதில் விடும் நீரிலேயே ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிடலாம். அதற்கு மேல் வைத்தால்தான் ரப்பர் மாதிரி ஆகிறது. தயிருக்கு ஒரு 20 கலோரி ஆகும், அன்றைக்குச் சோற்றை 70 கிராமுக்குக் கீழே இறக்கிக்கொள்கிறேன்.

கறி சாப்பிடாத நாளில் உலர்ந்த சோயா உருண்டை 50 கிராம் எடுங்கள். அதுவும் சுமார் 170 கலோரிதான், புரதம் 26 கிராம். கொதிநீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து இதே மசாலாவில் போடலாம். பனீரைப் புரதம் என்று எண்ணி மாற்றாதீர்கள், அதில் கொழுப்பு அதிகம். அதே 170 கலோரிக்கு 60 கிராம் பனீர்தான் வரும், அதில் புரதம் 11 கிராம் அளவுதான்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சோற்றை இப்படிக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் பொருத்தியது, ராத்திரியில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் இந்த அளவு புரதம் உங்களுக்குச் சரியா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.