அக்கா படிச்சுச் சொன்ன கமெண்ட்

*அம்மா, நான் எம்.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம். இதுவரைக்கும் மூணு அசைன்மென்ட் குடுத்துட்டேன், 10-க்கு 5, 5, 6. மிஸ் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு இங்க்ல எழுதித் தர்றாங்க. மார்க்கைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துரும், ராத்திரி அக்கா ஜவுளிக்கடை வேலை முடிச்சு வந்து அவதான் கமெண்ட்ஸ் எல்லாம் படிச்சு எங்கிட்ட சொல்லுவா. அவ சொன்ன மாதிரி இன்னும் விளக்கமாதான் எழுதுறேன், மார்க் ஏறவே மாட்டேங்குது. நாலாவது 24-ம் தேதி தரணும். மூணு பேப்பரோட ஜெராக்ஸும் இதோட வச்சு அனுப்பியிருக்கேன். — பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்*

ஏம்மா, உன் அழுகை, மார்க்கெல்லாம் ஒரு ஓரமா இருக்கட்டும். போற போக்குல ‘அவதான் படிச்சு எங்கிட்ட சொல்லுவா’ன்னு ஒரு வரி எழுதியிருக்க பாரு, நான் அங்கயே நின்னுட்டேன். எம்.ஏ. படிக்கிறது நீ, ஆனா மிஸ் உனக்கு எழுதினதைப் படிக்கிறது காலைல இருந்து கடையில நின்ன காலோட வீட்டுக்கு வர்ற அக்கா. இதுல உனக்குக் கொஞ்சம்கூட உறுத்தலையா? கூடப் பொறந்தவ உழைச்சுக் கொண்டுவர்ற காசுல படிக்கிறது தப்பில்ல, நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் படிச்சோம், ஆனா நீ படிக்க வேண்டியதையும் அவ தலையில வைக்கிறது என்ன நியாயம்?

சரி, அதனால என்ன ஆச்சுன்னு ஜெராக்ஸைப் பார்த்தாலே தெரியுது. தானே புயல் பத்தின உன் மொதல் பேப்பர்ல ஓரத்துல ‘ஸோ வாட்?’னு ரெண்டு எடத்துல இருக்கு, ரெண்டாவதுல ‘டூ டிஸ்கிரிப்டிவ்’, மூணாவதுல ‘தகவல் இருக்கு, வாதம் எங்க?’. மூணுமே ஒரே புகார்தான். நீ அழுதுக்கிட்டு உக்காந்திருக்கும்போது பாவம் அந்தப் பொண்ணு ‘அதனால என்ன?’ங்கிறதை அப்படியேவா சொல்லுவா, ‘இன்னும் விளக்கமா எழுதச் சொல்றாங்கடி’ன்னு பதமா சொல்லியிருக்கா. நீயும் விளக்கினே, 6 பக்கம் 8 ஆச்சு, 8 பக்கம் 11 ஆச்சு. மிஸ் எதை அதிகம்னு சொன்னாங்களோ அதையே இன்னும் அதிகமா போட்டு நீட்டியிருக்க, அப்புறம் மார்க் எங்க இருந்து ஏறும்?

இன்னிக்கு மூணு பேப்பரையும் நீயே எடுத்து உக்காரு. மார்க் இருக்கிற எடத்து மேல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டிக்கோ, ஒண்ணும் தப்பில்ல. ஒரு நோட்ல கமெண்ட் ஒவ்வொண்ணையும் மிஸ் எழுதின வார்த்தையிலயே, எந்த பேப்பர் எந்த பக்கம்னு போட்டு அப்படியே எழுது. உன் வார்த்தையில மாத்தாத, மாத்தினா நீயும் அக்கா மாதிரியே பதமாக்கிருவே. நான் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 17 இருக்கு. இப்ப ஒவ்வொண்ணையும் பார்த்து ஒரே கேள்வி கேளு, இது அந்த பேப்பரோட முடிஞ்சுதா, இல்ல அடுத்ததுக்கும் கூட வருமா? புயல் கரையைக் கடந்த தேதியை டிசம்பர் 31-னு போட்டிருந்த, மிஸ் அடிச்சு 30-ன்னு திருத்தியிருக்காங்க, அது அங்கயே முடிஞ்சுது, நாலாவது பேப்பர் சுய உதவிக் குழு பத்தினது, அதுல புயலே வராது. இந்த மாதிரி 8 இருக்கு, அடிச்சுரு. மிச்சம் 9-ல 6 அந்த ‘ஸோ வாட்’ ஜாதி, 3 ‘இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு’ன்னு சோர்ஸ் கேக்கிறது. ரெண்டே ரெண்டு விஷயம்தாம்மா, இதுக்கா மூணு செமினார் பேப்பர் அளவுக்கு அழுத?

அடுத்தது, இந்த ரெண்டையும் நாலாவது பேப்பர்ல செய்ய வேண்டிய வேலையா ஒரு லிஸ்ட் போடணும், எல்லாரும் சறுக்குற எடம் இதுதான். ‘அனலிசிஸ் நல்லா பண்ணணும்’னு லிஸ்ட்ல எழுதிக்குவாங்க, அதை வச்சுக்கிட்டு செவ்வாக்கிழமை சாயந்திரம் உக்காந்து என்னத்த பண்றது? எப்ப, பேப்பர்ல எந்த எடத்துல, கையால என்ன செய்யணும், செஞ்சுட்டேன்னு எதை வச்சுத் தெரியும், இந்த நாலும் அந்த வரியிலயே இருக்கணும். உனக்கு நான் எழுதித் தர்றது இது: ‘ஒரு பாரா முடிச்சதும் நிறுத்தி, அதனால என்னன்னு கேட்டு, பதிலை அதே பாராவுல எழுதணும். முடிச்சப்புறம் என்ன நடந்துச்சுன்னு சொல்ற வரிக்கு மஞ்சள் கலர், ஏன், யாருக்கு, அதனால என்னன்னு சொல்ற வரிக்குப் பச்சை. பச்சையே இல்லாத பாராவை அப்படியே குடுக்கக் கூடாது.’ மூணாவது பேப்பரோட நாலாம் பக்கத்துக்கு இதை நானே பண்ணிப் பார்த்தேன், பக்கம் பூரா மஞ்சளாதான் இருந்துச்சு.

உன் பாராவையே எடுத்துக்குவோம், தேதியை மட்டும் மிஸ் திருத்தினபடி போட்டுக்கிறேன். ‘2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் சாய்ந்தன, நெல்லும் பாதிக்கப்பட்டது’ன்னு எழுதிட்டு அடுத்த பாராவுக்குப் போயிட்ட. மிஸ் அங்கதான் ‘ஸோ வாட்?’ போட்டாங்க. கேளு இப்ப, நெல்லு போனா என்ன, முந்திரி போனா என்ன, ரெண்டும் ஒண்ணா? நெல்லு போனா அடுத்த பட்டத்துல மறுபடி நடலாம், முந்திரி ஒட்டுக்கன்னு வச்சா காய்க்க ஆரம்பிக்கவே ஏறக்குறைய மூணு வருஷம், நல்லா காய்க்க இன்னும் பல வருஷம். அதனால ஒரு வருஷ விளைச்சலை மட்டும் நஷ்டக் கணக்குல போட்டா மரத்துக்காரனோட நஷ்டம் கொறைச்சுதான் தெரியும், தோப்புல கொட்டை பொறுக்கி, கொட்டை உடைச்சுக் கூலி வாங்குற பொம்பளைங்க அந்தக் கணக்குலயே வர மாட்டாங்க. மூணு வரிதான், ஆனா பாரா ஒரு வாதத்தைப் பேச ஆரம்பிச்சுருச்சு. பக்கமும் கூடல. (அதுக்காக மஞ்சளையெல்லாம் தூக்கிப் போட்டுராத, புயல் எப்ப வந்துச்சுன்னு சொல்லாம எதைப் பத்தி வாதாடுவே.)

சோர்ஸ் விஷயம் சின்னது, நேரம்தான் முக்கியம். குடுக்கிறதுக்கு மொத நாள் ராத்திரி தேடினா கிடைக்காது, ஒரு நம்பரை நோட்ல எழுதும்போதே பக்கத்துல எந்த ரிப்போர்ட், எந்த வருஷம், எத்தனாம் பக்கம்னு எழுது, இல்லாட்டி அந்த நம்பரை எழுதாத. அவ்ளோதான்.

பச்சை விஷயத்தையும் கடைசியில வச்சுக்காத, ப்ளான் போடும்போதே ஆரம்பி. ‘குழுக் கடன்’னு தலைப்பா எழுதினா உன் கை தானா மஞ்சளுக்குப் போகும், ‘குழுக் கடன் யாருக்கு எட்டல, ஏன்?’னு கேள்வியா எழுதிக்கோ.

இன்னொண்ணு, அந்த புயல் பாராவைத் திருத்தி அரைப் பக்கத்துல எழுதி மிஸ்கிட்ட எடுத்துட்டுப் போ. மார்க் ஏன் கொறைஞ்சுதுன்னு கேக்காத, அது சண்டைக்குப் போற மாதிரி இருக்கும். ‘நீங்க ஸோ வாட்னு கேட்டது இதைத்தானா மிஸ்?’னு கேளு. ஆமான்னா விஷயம் புரிஞ்சுது, இல்லன்னா 24-க்கு முன்னாடியே தெரிஞ்சுரும். நாலாவது பேப்பர் திரும்பி வந்ததும் மார்க்கைப் பாக்குறதுக்கு முன்னாடி ‘ஸோ வாட்’ எத்தனைன்னு எண்ணு, இதுவரைக்கும் சராசரியா பேப்பருக்கு ரெண்டு. அப்பவும் ரெண்டு வந்தா இன்னும் கஷ்டப்பட்டு எழுதுறேன்னு கிளம்பாத, லிஸ்ட்ல அந்த வரியை மாத்து.

அக்காவுக்கு ஏதாவது செய்யணும்னு தோணுச்சுன்னா ஞாயித்துக்கிழமை அவ சும்மா இருக்கும்போது ஒரு பாராவைப் படிச்சுக் காட்டு, ‘அதுக்கு என்னடி இப்ப?’ன்னு அவளையே கேக்கச் சொல்லு, இந்தத் தடவை பதமா சொல்ல வேணாம்னும் சொல்லிடு. வார நாள்ல ராத்திரி அவ வந்ததும் பேப்பரை நீட்டுறதை விடு, தோசையை ஊத்தி வை.