தலைக்கு மேலே தொங்கும் பெரியப்பா

ஐயா,

விடுமுறைக்குக் கனடாவிலிருந்து ஆரையம்பதிக்கு வந்திருக்கிறேன். அம்மப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. அம்மம்மா தினமும் விடியப்புறம் எழும்பி, ஹோலில் இருக்கும் அவருடைய படத்துக்கு முன்னால் நின்று கதைக்கிறா. ஒருநாள் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், எல்லாரும் ரசித்தார்கள். மாமா மட்டும் இது மறதி நோயின் தொடக்கம், படத்தைக் கழற்றி வைப்போம் என்கிறார். மாமி, இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆத்மா போகாது என்கிறா. வயதானவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? படத்தைக் கழற்றலாமா?

ஒரு பேத்தி


அன்புள்ள மகளுக்கு,

முதலில் அந்த வீடியோவை அழியுங்கள். ஒரு பெண் தன் புருஷனோடு கதைப்பதைக் கதவிடுக்கில் நின்று படம்பிடித்து நாலு நாட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அம்மப்பா உயிரோடிருந்து இருவரும் திண்ணையில் கதைத்துக்கொண்டிருந்தால் இதைச் செய்திருப்பீர்களா? எல்லாரும் ரசித்தார்கள் என்று வேறு எழுதுகிறீர்கள். உங்கள் அம்மம்மாவுக்கு அது தெரிந்தால் அடுத்த நாளிலிருந்து வாய்திறக்கமாட்டார்.

மாமியின் ஆத்மா விவகாரத்தை மாமியிடமே விட்டுவிடுகிறேன். மாமா சொல்வதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காரைதீவில் என் பெரியம்மா ஒருவர் இருந்தார். 2004 டிசம்பர் 26 காலையில் பெரியப்பாவைக் கடல் கொண்டுபோனது. வீட்டில் சுவரே மிஞ்சவில்லை, சுவரில் இருந்த படங்கள் எங்கே மிஞ்சும்? கலியாணப் படம், பிள்ளைகளின் பெரியபிள்ளைச் சடங்குப் படங்கள் எல்லாம் போயிற்று. அவருடைய அடையாள அட்டை மட்டும் வயற்காணிக் கடிதங்களோடு சம்மாந்துறையில் ஒரு கூட்டாளி வீட்டில் இருந்தது. அந்த முத்திரையளவு கறுப்பு வெள்ளை முகத்தைத்தான் பெரிதாக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் நம்முடைய கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்தது. ஸ்டூடியோக்காரர் முகத்தை வெட்டியெடுத்து, கோட்டும் டையும் போட்ட வேறு யாரோ ஒருவருடைய உடம்பில் ஒட்டி, பின்னால் நீல வானமும் வைத்துக் கொடுத்தார். பெரியப்பா கோட்டு போட்டதே இல்லை. சாரனும் தோளில் துவாயும்தான்.

படம் வந்த அன்று பெரியம்மா அழவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இஞ்சாருங்க, இதாற்ற கோட்டு?" என்று கேட்டார். அவர் படத்தோடு கதைக்கத் தொடங்கியது அப்படித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும். "பெரும்போகம் பிழைச்சிற்று, குத்தகைக்காரன் பாதி நெல்லுத்தான் தந்தவன்", "சின்னவன் சொல்லுக் கேக்கிறானில்ல, மறுகா என்னக் குறை சொல்லாதீங்க", இப்படி. கூர்ந்து கேட்டால், அதில் துக்கம் மிகக் குறைவு. கணக்கு ஒப்புவிப்பதும் ஏச்சும் முறைப்பாடும்தான் அதிகம். நாற்பது ஐம்பது வருடம் ஒரு ஆளிடம் சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு முடிவும் எடுத்த பழக்கம், அந்த ஆள் போனதும் எங்கே போகும்? பிள்ளைகளிடம் சொன்னால் பிள்ளைகள் ஆலோசனை சொல்வார்கள். பெரியம்மாவுக்கு ஆலோசனை தேவையில்லை. கேட்பதற்கு ஆள் தேவை.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமுமல்ல. டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர் தன் பகுதியில் துணையை இழந்த 293 பேரைக் கண்டு பேசி 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோ, அவரைக் கண்டோ, குரலைக் கேட்டோ இருந்தார்கள். சிலர் அவர்களோடு கதைத்துமிருந்தார்கள். மணவாழ்க்கை நீண்டதாக இருந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. பெரும்பாலானோர் இதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்பது, உங்கள் வீடியோவைப் பார்த்தால் விளங்கும்.

சரி, படத்துக்கு வருவோம். பெரியம்மா சொல்வார், "எந்தப் பக்கம் போனாலும் என்னையே பாக்கிறார்" என்று. அதில் மாயம் ஒன்றுமில்லை. அடையாள அட்டைக்கு நேராகக் கமராவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அப்படி எடுத்த முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண் நம்மையே பார்ப்பதுபோல இருக்கும். கலியாண வீட்டில் பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கும் படத்துக்கு இந்தக் குணம் இல்லை. கோட்டு பொய், வானம் பொய், பார்வை மட்டும் அவருடையது. பெரியம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தப் படத்தை எங்கே தொங்கவிட்டார்கள் தெரியுமா? இதைத்தான் நான் எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். நம்முடைய பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மூத்த மகளுக்குக் கலியாணம் ஆனால் பெரிய வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் பின்னால் ஒரு அறையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெரியம்மாவும் புது வீட்டை மகளுக்கு விட்டுப் பின்னுக்குப் போனார். பெரியப்பாவின் படமோ பெரிய வீட்டு ஹோலில், கதவு நிலைக்கு மேலே, மின்சார விளக்கும் பிளாஸ்டிக் மாலையும் போட்டுத் தொங்கியது. வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே! அவரோடு கதைக்க வேண்டியவர் விடியப்புறம் இருட்டில் முற்றத்தைக் கடந்து வந்து, கண்ணில் புரையோடு கழுத்தை அண்ணாந்து நிற்க வேண்டும். கண்ணாடியில் விளக்கு அடிக்கும், முகம் தெரியாது. ஒருநாள் கதிரையில் ஏறிக் கிட்டப் பார்க்கப்போய் விழுந்து இடுப்பு உடைந்தது. படத்தோடு கதைத்து விழுந்துவிட்டா என்று ஊர் சொன்னது. படத்தை அந்த உயரத்தில் அடித்தவர்களை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் அம்மம்மாவும் ஹோலுக்கு வந்துதான் கதைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் படுப்பது எங்கே?

இனி மாமாவின் பயம். அதைத் தள்ளிவிட முடியாது, ஆனால் அவர் தவறான இடத்தில் பார்க்கிறார். கதைப்பது அடையாளமல்ல. அம்மப்பா இறந்தது அம்மம்மாவுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆண்டுத்திவசம் எப்போது என்று கேளுங்கள். திகதி பிசகினால் பரவாயில்லை, திவசம் யாருக்கு என்று திகைத்தால் கவனியுங்கள். படத்தில் இருப்பவரை உயிருள்ள ஆளாக எண்ணித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குடிக்கவில்லை என்று கோபிப்பது. படத்தில் இருப்பது யாரோ அந்நியர் என்று பயந்து துணியால் மூடுவது. கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு யாரது என்று கேட்பது. இவை மறதி நோயில் வரக்கூடியவை. இவற்றில் ஒன்றைக் கண்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பார்வை மிக மங்கியவர்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே இல்லாத உருவங்கள் தெரிவதும் உண்டு. அதனால் கண்ணையும் காட்டுங்கள். சாப்பாடு குறைந்து, ஆக்களோடு கதைப்பது முற்றாக நின்று, படம் மட்டுமே மிஞ்சினால் அதுவும் கவனிக்க வேண்டியதுதான். அங்கேயும் கழற்ற வேண்டியது படத்தையல்ல. ஒரு ஆள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

மற்றப்படி படத்தைக் கழற்றத்தான் வேண்டும், அவருடைய அறையில் மாட்டுவதற்காக. கட்டிலில் இருந்தால் கண்மட்டத்துக்கு வரும்படி, யன்னலுக்கு நேரெதிர்ச் சுவரைத் தவிர்த்து மாட்டுங்கள், வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காது. சட்டத்தைத் திறந்து பாருங்கள். நம்முடைய ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே கண்ணாடியோடு வைத்து ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஒட்டாமலிருந்தால் இடையில் மட்டைக்கரை வைத்துத் திரும்பப் பூட்டலாம். பின்னாலிருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கும், புதிதாகக் கட்டுங்கள். எந்தச் சுவர் என்பதை அம்மம்மாவிடம் கேளுங்கள். உடனே பதில் சொல்லாவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம், அவர் ஒரு ஆளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.