இடப்பக்கம் காணாமல் போன சமன்பாடு

“என் மகள் பத்தாம் வகுப்பு. டியூஷனில் கொடுத்த தாளில் ‘சமன் செய்க’ என்று போட்டு, அம்புக்குறிக்கு வலப்பக்கம் CaCl₂ + H₂O + CO₂ என்று மட்டும் இருக்கிறது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. இதை எப்படிச் சமன் செய்வது?” – ஒரு வாசகர், பெருந்துறை

இருக்கிறபடியே இதைச் சமன் செய்ய முடியாது. இடப்பக்கத்தில் எவை இருந்தன என்று முதலில் ஊகிக்க வேண்டும். சமன் செய்வது அதன் பிறகு இரண்டு நிமிட வேலை.

வலப்பக்கத்தை ஒரு முறை எண்ணிவிடுங்கள். கால்சியம் 1, குளோரின் 2, ஹைட்ரஜன் 2, கார்பன் 1, ஆக்சிஜன் 3. இடப்பக்கத்திலும் இதே அணுக்கள்தான் இருந்திருக்கும். ஆனால் எந்தச் சேர்மங்களாக இருந்தன என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு வேதியியல் தெரிய வேண்டும்.

அந்த வேதியியல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் புழங்கும் குளியலறையில் தரை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அதன்மேல் ஆசிட் ஊற்றினால் சுர்ரென்று நுரைத்துப் பொங்கும். வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கடை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நுரையில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. உப்பு, நீர், CO₂ மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் நின்றால், கார்பனேட்டின்மேல் அமிலம் விழுந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். எனவே:

CaCO₃ + HCl → CaCl₂ + H₂O + CO₂

வலப்பக்கம் குளோரின் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. HCl-க்கு முன்னால் 2 போட்டால் ஹைட்ரஜனும் தானாகச் சரியாகிவிடும்:

CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂

இங்கேதான் பிள்ளைகள் விழும் குழி இருக்கிறது. முன்னால் 2 போடுவதற்குப் பதிலாக H₂Cl₂ என்று எழுதிவிடுவார்கள். அணுக்கணக்கு அச்சுப் பிசகாமல் வரும்; ஆனால் அப்படி ஓர் அமிலம் உலகத்தில் இல்லை. மாணவி எழுதினால் திருத்திவிடலாம். விடையாகவே இதை அச்சடித்த ஒரு கையேட்டை நான் காசு கொடுத்து வாங்கி ஏமாந்திருக்கிறேன். யாரோ எழுதியதை யாரோ தட்டச்சு செய்து, யாரும் படித்துப் பார்க்காமல், ஜூன் மாதம் பள்ளி வாசலில் விற்றுவிடுகிறார்கள். எண்ணிக்கை ஒத்துப்போவதால் மட்டும் ஒரு சமன்பாடு உண்மையாகிவிடாது. Ca + Cl₂ + H₂CO₃ என்று எழுதினாலும் கணக்கு ஒத்துப்போகும்! அதை விடை என்று எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார்.

இனி ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் மகளின் தாளில் பிரச்சினை இதனாலும் வரலாம். அதே மூன்று பொருள்களைத் தரும் இன்னொரு வினையும் இருக்கிறது:

Ca(HCO₃)₂ + 2HCl → CaCl₂ + 2H₂O + 2CO₂

கார்பனேட்டுக்குப் பதில் பைகார்பனேட். விளைபொருள்கள் அவையேதான், ஆனால் நீருக்கும் CO₂-க்கும் முன்னால் 2 வந்துவிட்டது. விளைபொருள்களின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எண்களைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. போர் தண்ணீரில் கரைந்து வருவது இந்த பைகார்பனேட்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது சிதைந்து, பாத்திரத்தின் அடியில் கார்பனேட்டாகப் படிகிறது. கால்சியம் பைகார்பனேட் கரைசலில்தான் நிற்கும். அதைத் திடப்பொருளாக எடுத்துப் பாட்டிலில் போட்டு வைக்க முடியாது. ஆகவே கேள்வியில் எங்காவது ‘சுண்ணாம்புக்கல்’, ‘பளிங்குக்கல்’ என்ற சொல்லோ (s) என்ற குறியோ இருந்தால் முதல் விடை. ‘கடின நீர்’ என்றோ, H₂O-வுக்கு முன்னால் அச்சிலேயே 2 என்றோ இருந்தால் இரண்டாவது விடை. ஒரு துப்பும் இல்லையென்றால் முதல் விடையை எழுதி, ‘வினைபடுபொருள் கால்சியம் கார்பனேட் எனக் கொண்டு’ என்று மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தத் தாளின் இடது ஓரத்தைப் பாருங்கள். மற்ற கேள்விகளின் வரிசை எண்களும் பாதி வெட்டுப்பட்டிருக்கின்றனவா? அப்படியென்றால் கேள்வி கேட்டவர் எதையும் விடவில்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் இடப்பக்கம் போய்விட்டது. எனக்கு வரும் இப்படிப்பட்ட கடிதங்களில் பாதி இந்த வகைதான். கட்டணத்தோடு ‘மெட்டீரியலுக்கு’ என்று தனியாகப் பணம் வாங்கத் தெரிந்தவர்கள், கொடுக்கும் தாளை ஒரு முறை கண்ணால் பார்க்கக் கூடாதா? நாளை மகளோடு போய் மூலத்தாளைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அந்தப் பணத்தைக் கேளுங்கள்.