ஈசாப் ஷேருக்கு ரெண்டு தடவை வரியா?

கேள்வி: மேடம், எங்க கம்பெனி ஊழியர்களுக்குக் குடுத்த ஈசாப் ஆப்ஷன்ல 1000 ஷேரை தலா 50 ரூபாய் கட்டி எடுத்தேன், அன்னிக்கு மார்க்கெட் விலை 450, அந்த மாசம் சம்பளத்துல பெரிய தொகைய டிடிஎஸ்னு பிடிச்சிட்டாங்க. 14 மாசம் கழிச்சு 600க்கு வித்தேன். இப்ப புரோக்கர் ஸ்டேட்மென்ட்ல லாபம் 5.5 லட்சம்னு காட்டுது. ஒரே பணத்துக்கு ரெண்டு தடவை வரி கட்டணுமா?

பதில்: கட்ட வேண்டாம். வரி ரெண்டு கட்டமா வரும், அது உண்மை, ஆனா ஒரே பணத்து மேல வராது. அந்த ஸ்டேட்மென்ட்ட அப்படியே ரிட்டர்ன்ல போட்டுடாதீங்க.

நீங்க ஷேர் எடுத்த அன்னிக்கு 450 ரூபா பொருள் 50 ரூபாய்க்கு கெடைச்சுது இல்லையா, அந்த 400 ரூபா வித்தியாசத்த சட்டம் சம்பளமாத்தான் பாக்குது. (லிஸ்ட் ஆன கம்பெனின்னா அன்னைக்கு ஓப்பனிங் விலை, குளோசிங் விலை ரெண்டோட சராசரிதான் கணக்கு.) ஆக 4 லட்சம் உங்க சம்பளத்தோட சேர்ந்துச்சு, 30% ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட 1,24,800 ரூபா, டிடிஎஸ்ல போனது இதுதான்.

விக்கும்போது உங்க அடக்க விலை 50 இல்ல, 450. ஏன்னா மேல சொன்ன 400க்கு ஏற்கனவே வரி கட்டியாச்சு. புரோக்கருக்கு அந்த விவரம் தெரியாது, அதனாலதான் 5.5 லட்சம்னு வருது, நிஜமான லாபம் 1.5 லட்சம். ஷேர் அலாட் ஆன தேதிலேர்ந்து 12 மாசம் தாண்டி எக்ஸ்சேஞ்ச்ல வித்ததால இது லாங் டெர்ம் (ஆப்ஷன் குடுத்த தேதிய எண்ணக்கூடாது, நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க). வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை வரி இல்ல, வேற ஷேர் லாபம் இல்லைன்னா மிச்சம் 25,000க்கு 12.5%, செஸ்ஸோட 3,250 ரூபா, அவ்ளோதான். 50 ரூபாய அடக்கமா போட்டிருந்தா இதுவே 55,250 ஆகியிருக்கும்!

ஃபார்ம் 16 கூட வர்ற 12பிஏ-ல அந்த 4 லட்சம் இருக்கான்னு பாருங்க, அலாட்மென்ட் லெட்டரையும் கம்பெனி போட்ட விலைக் கணக்கையும் எடுத்து வைங்க, நோட்டீஸ் வந்தா அதுதான் ஆதாரம். தப்பா ஃபைல் பண்ணிட்டீங்கன்னா கெடு முடியறதுக்குள்ள ரிவைஸ் பண்ணிடுங்க.

இன்னும் கையில ஆப்ஷன் இருந்தா ஒண்ணு சொல்லணும், எனக்கு இதுதான் ரொம்ப கவலை. 450ல எடுத்த ஷேர் 300க்கு விழுந்தாலும் அந்த 1,24,800 திரும்ப வராது. தலா 150 நஷ்டத்த சம்பளத்துல கழிக்க விடமாட்டாங்க, மூலதன லாபத்துல மட்டும்தான் கழிக்கலாம், ரிட்டர்ன நேரத்துக்கு போட்டிருந்தா 8 வருஷம் வரை கொண்டு போகலாம். அதனால அடுத்த தடவை எடுக்கும்போது டிடிஎஸ்ஸுக்கு ஆகுற அளவு ஷேரையாவது உடனே வித்துடுங்க.