டெஸ்டோஸ்டிரோனும் ஏறணும், விந்தணுவும் நிலைக்கணும்: கேள்வி பதில்

ஹார்மோன் மருத்துவம் பார்க்கிறேன். குழந்தைக்காக வரும் ஆண்கள்தான் என்னிடம் அதிகம். கேள்வியோடு, விதையை இயக்கும் ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் எண்களையும் அனுப்புங்கள் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். பாதிப் பேர் அனுப்பவில்லை. அவர்களுக்குப் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

சேலத்திலிருந்து, வயது 34: டாக்டர் சார், ஜிம்ல சொன்னாங்கன்னு ஒன்றரை வருஷமா வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். இப்ப விந்துப் பரிசோதனையில அணுவே இல்லைன்னு வந்திருக்கு. நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு. குளோமிஃபீன் போட்டா சரியாயிடுமா?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் கிணற்றைத் தூர்வார யாரும் போக மாட்டார்கள். உங்கள் உடம்பிலும் அதுதான் நடந்தது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்து கிடப்பதைப் பார்த்த மூளை, பிட்யூட்டரி சுரப்பி வழியாக விதைக்கு அனுப்பும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டையும் நிறுத்திவிட்டது. விந்தணு உருவாக விதைக்குள்ளே இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. அதை விதையே சுரந்துகொண்டால்தான் உண்டு. கையில் போடும் ஊசி அந்த அளவை எட்டாது.

குளோமிஃபீன் ஈஸ்ட்ரோஜனை மூளையின் கண்ணிலிருந்து மறைக்கும் மருந்து. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்று நினைத்து மூளை எல்ஹெச்சையும் எஃப்எஸ்ஹெச்சையும் கூட்டும். ஆனால் இரண்டு வாரத்தில் பழைய ஊசி உடம்பை விட்டு முழுக்கப் போயிருக்காது. பிட்யூட்டரியும் ஒன்றரை வருடமாகத் தூங்குகிறது. தூங்குகிறவர் காதில் ரகசியம் சொல்வது மாதிரி, இந்த நேரத்தில் மாத்திரைக்குப் பலன் குறைவு. ஹெச்சிஜி ஊசி அப்படியில்லை. எல்ஹெச் செய்கிற வேலையை நேராக விதையில் போய்ச் செய்யும், பிட்யூட்டரி விழித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

உங்களைப் போலவே வந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். வயது 36. ஊசியை விட்டுப் பத்து வாரம் கழித்தும் டெஸ்டோஸ்டிரோன் 110, எல்ஹெச் 0.3, எஃப்எஸ்ஹெச் 0.4. எழுந்து வேலைக்குப் போகவே தெம்பில்லை என்றார். ஹெச்சிஜி 2000 யூனிட், வாரம் மூன்று முறை, தோலுக்கடியில். ஆறாவது வாரம் டெஸ்டோஸ்டிரோன் 520 ஆனது, கூடவே மார்க்காம்பு வலித்தது. ஏறிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் வருவது அது. ஊசியை 1500க்குக் குறைத்தேன், வலி அடங்கியது. மூன்றாம் மாதப் பரிசோதனையில் அணு பூஜ்யம். அதற்குமுன் பார்க்கவில்லை, பார்த்தும் பயனில்லை. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம், அப்புறம் வெளியே வர இன்னும் சில நாள்.

எஃப்எஸ்ஹெச் அப்போதும் எழவில்லை. ஹெச்சிஜி ஏற்றும் டெஸ்டோஸ்டிரோனே பிட்யூட்டரியை அமுக்கித்தான் வைக்கும். அதனால் எஃப்எஸ்ஹெச் ஊசி 75 யூனிட், வாரம் மூன்று முறை சேர்த்தேன். ஹெச்சிஜியைவிடப் பல மடங்கு விலை, அதனால்தான் முதல் நாளே எழுதுவதில்லை. ஐந்தாம் மாதம், மாதிரியைச் சுழற்றி அடியில் தேடியபோது சில அணுக்கள் தெரிந்தன. உடனே உறையவைக்கச் சொன்னேன். எட்டாம் மாதம் மில்லிக்கு 60 லட்சம். பதினோராம் மாதம் இயல்பாகவே கரு தங்கியது. எண்ணிக்கை குறைவாக இருந்தும் தங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை, இப்படி வருகிறவர்களில் அது நடப்பதுதான்.

மருந்தே இல்லாமலும் திரும்பும். கருத்தடைக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுச் சோதித்த ஆண்களின் தரவுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். நிறுத்திய ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கினர், ஒரு வருடத்தில் பத்தில் ஒன்பது பேர் மில்லிக்கு இரண்டு கோடியை எட்டினார்கள். ஆனால் அவர்கள் நல்ல எண்ணிக்கையோடு உள்ளே போனவர்கள். உங்களுக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மனைவியின் வயதைச் சொல்லுங்கள். 26 என்றால் சில மாதம் சும்மா காத்திருப்பதும் ஒரு வழி. 36 என்றால் காத்திருக்க வேண்டாம்.

நான்கு பேர், நான்கு விதமாக: குளோமிஃபீன் 25 போடலாமா, 50 போடலாமா?

எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் எங்கே?

கோவை, வயது 41: டெஸ்டோஸ்டிரோன் 240 இருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த குளோமிஃபீன் மூணு மாசம் போட்டு இப்ப 610. ஆனா ஆசையும் இல்ல, தெம்பும் இல்ல. மாத்திரை போலியா?

போலி மாத்திரை 610 காட்டாது. மருந்து வேலை செய்திருக்கிறது, நீங்கள் எதிர்பார்த்த வேலையைச் செய்யவில்லை. குளோமிஃபீன் என்பது இரண்டு பொருள்களின் கலவை. ஒன்று மூளையில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்துவிட்டுச் சீக்கிரம் போய்விடும். மற்றது வாரக்கணக்கில் உடம்பிலேயே தங்கும், அதுவே லேசாக ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும். எண் ஏறியும் ஆசை ஏறாமல் போவதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குப் பாதி சம்மதம். மீதிப் பாதி, சோர்வுக்குக் காரணம் முதலிலிருந்தே டெஸ்டோஸ்டிரோன் இல்லை என்பதுதான். குறட்டை உண்டா? சர்க்கரை பார்த்தீர்களா? 240 என்பது காலையில் வெறும் வயிற்றில் இரண்டு முறை பார்த்த எண்ணா, சாயங்காலம் ஒருமுறை பார்த்ததா?

இன்னொன்று. விந்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இந்த மாத்திரையில் எல்லோருக்கும் அணு கூடும் என்று நினைக்காதீர்கள், சிலருக்குக் குறையும். கண் மங்கினாலோ வெளிச்சம் மின்னினாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜிம் பயிற்சியாளர்: மேடம் சும்மா பயமுறுத்துறாங்க. டெஸ்டோஸ்டிரோன் கூடவே ஒருநாள் விட்டு ஒருநாள் ஹெச்சிஜி 500 போட்டா ஒண்ணும் ஆகாது. நான் ஏழு வருஷமா போடுறேன், ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க.

தம்பி சொல்வதில் பாதி சரி. 2005இல் ஒரு சோதனை நடந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்ட ஆண்களுக்கு மூன்றே வாரத்தில் விதைக்குள் இருந்த டெஸ்டோஸ்டிரோன் 94 சதவீதம் விழுந்தது. கூடவே ஒருநாள் விட்டு ஒருநாள் ஹெச்சிஜி 250 யூனிட் போட்டவர்களுக்கு ஏறக்குறைய பழைய அளவிலேயே நின்றது. 2013இல் உங்கள் 500 யூனிட் கணக்கிலேயே 26 பேரைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் அணு பூஜ்யமாகவில்லை. ஆனால் 26 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. அதை வைத்து ஏழு வருடத்துக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது.

விந்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும் மேடம். ஹெச்சிஜி சேர்த்துப் போடுறேன்னு சொல்லிட்டு வர்றவங்களோட விந்து மாதிரி தினமும் என் மேசைக்கு வருது. சிலருக்கு நல்லா இருக்கு, சிலருக்குக் கண்ணாடித் தகடு காலி. வாங்கின மருந்தே சரியில்லையோ என்னவோ. பொடியைக் கரைச்சு வெளியிலேயே வெச்சிருப்பாங்க.

அதுவும் நடக்கும். கரைத்த ஹெச்சிஜி குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஒரே வேளைக்கான குப்பியைக் கரைத்துப் பல நாள் போடுவதும் தப்பு.

பயிற்சியாளர் மீண்டும்: அப்ப எஃப்எஸ்ஹெச் எதுக்கு? எல்ஹெச் வேலை நடந்தா போதாதா?

மூன்றாவது ஆள் ஒருவர்: போதாது அண்ணா. எனக்குப் பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாது. மீசையே 22 வயசுல ஊசி போட்டப்புறம்தான் வந்துச்சு. ஹெச்சிஜி மட்டும் ஒரு வருஷம் போட்டேன். டெஸ்டோஸ்டிரோன் நல்லா ஏறுச்சு, அணு வரவே இல்ல.

இவர் என் வேலையைக் குறைத்துவிட்டார். கால்மன் என்று சொல்லும் பிறவிக் குறைபாடாக இருக்கலாம். மூளையிலிருந்து ஆணையே கிளம்பாது, அதனால் குளோமிஃபீனுக்கு அங்கே வேலை இல்லை. பருவமே வராத விதையில் விந்தணு உற்பத்தி முதன்முதலாகத் தொடங்க எஃப்எஸ்ஹெச் வேண்டும். ஒருமுறை ஓடிப் பழகிய விதையை ஹெச்சிஜி மட்டுமே ஓட்டிக்கொண்டு போகலாம். தம்பிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். உங்களுக்கு எஃப்எஸ்ஹெச் சேர்த்தால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. ஆனால் முதல் அணு தெரியவே பல மாதம் ஆகும், குழந்தைக்கு இரண்டு வருடமும் ஆகலாம். சிறு வயதில் விதை இறங்காமல் இருந்து அறுவை செய்தார்களா? செய்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஓடிப் பழகிய விதையை எஃப்எஸ்ஹெச் இல்லாமல் எத்தனை வருடம் ஓட்டலாம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. தம்பி, நீங்கள் கடைசியாக எப்போது விந்துப் பரிசோதனை செய்தீர்கள்?

நெல்லை, வயது 29: டெஸ்டோஸ்டிரோன் 190, எல்ஹெச் 19, எஃப்எஸ்ஹெச் 32. குளோமிஃபீன் ரெண்டு மாசம் போட்டும் ஏறவே இல்ல. அளவைக் கூட்டலாமா?

எண் அனுப்பியதற்கு நன்றி. கூட்ட வேண்டாம். உங்கள் மூளை ஏற்கெனவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது, 19, 32 என்பதன் பொருள் அதுதான். கேட்க முடியாதது விதைக்கு. இன்னும் கத்தவைக்கும் மாத்திரையும் வேண்டாம், அதே கத்தலை ஊசியில் தரும் ஹெச்சிஜியும் வேண்டாம். குரோமோசோம் பரிசோதனை செய்யுங்கள், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுதலாக ஒரு எக்ஸ் உள்ள கிளைன்ஃபெல்டர் என்று வந்தாலும் கதவு மூடவில்லை. நுண்ணோக்கி வைத்து விதைக்குள் தேடும் அறுவையில், அப்படிப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அணு கிடைக்கிறது. அதுவரை யார் சொன்னாலும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்காதீர்கள்.

ஒரு சகோதரி: எனக்கு எழுதின குளோமிஃபீன் மூணு மாத்திரை மிச்சம் இருக்கு. வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். பெண்களுக்கு மாதம் ஐந்து நாள் கணக்கு, ஆணுக்கு மாதக்கணக்கில். மூன்று மாத்திரையில் ஒன்றும் ஆகாது.

இன்னொரு சகோதரி: என் கணவர் ஹெச்சிஜி போடுறார். விளையாட்டா அவர் சிறுநீரைக் கர்ப்பப் பரிசோதனை அட்டையில விட்டேன். ரெண்டு கோடு! இது என்ன?

அட்டை தேடுவதே அந்த ஹெச்சிஜியைத்தான். ஊசி போட்டிருக்கிறார், அதனால் காட்டுகிறது. சிரித்துவிட்டு விடுங்கள். ஊசி எதுவும் போடாத ஆணுக்கு இரண்டு கோடு வந்தால் மட்டும் சிரிக்கக் கூடாது. விதைக் கட்டி சில நேரம் இதே ஹார்மோனைச் சுரக்கும், உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஈரோடு: மேடம், 25ஆ 50ஆ?

எல்ஹெச். எஃப்எஸ்ஹெச்.

பயிற்சியாளர்: மேடம் கேட்டீங்களேன்னு இன்னிக்கே போய்ப் பார்த்தேன். மில்லிக்கு 90 லட்சம்னு இருக்கு. எஃப்எஸ்ஹெச் 0.2. இது நல்லதா கெட்டதா? ரெண்டாவது பையனுக்கு இப்ப ஆறு வயசு, அப்ப யாரும் எண்ணிப் பார்க்கல.

மில்லிக்கு ஒரு கோடியே அறுபது லட்சமாவது இருப்பதைத்தான் இயல்பு என்கிறோம். பூஜ்யம் இல்லை என்ற வரையில் உங்கள் ஹெச்சிஜி வேலை செய்திருக்கிறது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாததால் எவ்வளவு இழந்தீர்கள் என்று சொல்ல முடியாது. மூன்றாவது பிள்ளை வேண்டுமா என்று வீட்டில் கேளுங்கள். வேண்டும் என்றால் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிட்டு வந்து பாருங்கள். ஹெச்சிஜியை நீங்களாக நிறுத்த வேண்டாம்.